பின்தொடர்ந்து தொல்லை தருபவர் மீது போலிஸ் புகார்: எது குற்றம், எதை எப்படிச் சேமிப்பது

தோட்டம் சூழ்ந்த சிறு நகரங்களில் பின்தொடரல் புகார்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன. "அந்த ஆள் ரொம்ப நாளா தொந்தரவு பண்றான்" என்று புகார்தாரர் சொல்வார். "எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை?" என்று போலிஸ் கேட்கும்போது பதில் இருக்காது. சட்டம் எதிர்பார்ப்பது அந்தப் பதிலைத்தான். சுங்கை சிப்புட் போன்ற ஒரு ஊரில் நடக்கக்கூடிய கற்பனைச் சம்பவம் ஒன்றை எடுத்துக்கொண்டு, புகாரைத் தொடக்கத்திலிருந்து எப்படிக் கட்டுவது என்று பார்க்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு 24 வயது. டவுனில் ஒரு மினி மார்க்கெட் கவுண்டரில் வேலை, தோட்டத்தை ஒட்டிய தாமானில் வீடு. அந்த ஆள் அதே தோட்டத்தில் லாரி ஓட்டுபவர். மார்ச் 3 அன்று அவர் பெண் கேட்டு வந்தார், பெண் முடியாது என்று சொல்லிவிட்டார். மார்ச் 9 முதல் இரண்டு வேறு எண்களிலிருந்து இரவில் அழைப்புகளும் வாட்ஸ்அப் செய்திகளும் வருகின்றன. 14ஆம் தேதி மாலை கடைக்கு எதிரே மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். 17ஆம் தேதி ஒரு பள்ளிப் பையன் மூலம் சேலையும் இனிப்புப் பெட்டியும் கடைக்கு வருகின்றன. 22ஆம் தேதி பெயர் தெரியாத டிக்டாக் கணக்கொன்றில் பெண்ணின் படமும் கடையின் பெயரும் ஆபாசமான வரிகளோடு வெளியாகின்றன. 25ஆம் தேதி வேலை முடிந்து வீடு திரும்பும்போது தோட்டத்துச் சந்தி வரை பின்னாலேயே வருகிறார்.

சட்டம் எதைக் குற்றம் என்கிறது

மலேசியத் தண்டனைச் சட்டத்தில் பின்தொடரலுக்கென்று 507ஏ என்ற பிரிவு 2023 மே 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவரின் பாதுகாப்பு பற்றி அவருக்கு உளைச்சலோ பயமோ பதற்றமோ வரும் என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், மறுபடி மறுபடி தொல்லை தருவது இந்தப் பிரிவின்படி குற்றம். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

தொல்லை என்று சட்டம் எடுத்துக்காட்டுபவை நான்கு. எந்த வழியிலாவது பின்தொடர்வது, எந்த வழியிலாவது தொடர்புகொள்வது அல்லது தொடர்புகொள்ள முயல்வது, வீட்டருகிலோ வேலையிடத்தருகிலோ சுற்றிக்கொண்டிருப்பது, எதையாவது கொடுப்பது அல்லது அனுப்புவது. நம் சம்பவத்தில் நான்குமே இருக்கின்றன. 25ஆம் தேதி பின்தொடரல், 9 முதல் அழைப்புகள், 14ஆம் தேதி கடை எதிரே உட்கார்ந்தது, 17ஆம் தேதி சேலை. பெண் எடுக்காமல் விட்ட அழைப்பும் "முயற்சி" என்ற கணக்கில் வரும். அன்பளிப்பைத் தொல்லை என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள், ஆனால் சட்டம் சிரிக்கவில்லை.

"மறுபடி மறுபடி" என்பதற்குச் சட்டமே ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது: குறைந்தது இரண்டு தடவை. பலர் கவனிக்காமல் விடும் வரி இது. ஒரே இரவில் வந்த 80 செய்திகளை மட்டும் கொண்டுபோனால், அது ஒரே சம்பவம்தானே என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் இருக்கிறது. வெவ்வேறு நாள்களில் நடந்த சின்னச் சின்னச் செயல்கள் இரண்டைத் தேதியோடு காட்ட முடிந்தால் புகார் அதைவிடப் பலமாக நிற்கும். மிக மோசமான செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, சாதாரணமாகத் தோன்றும் மற்றவற்றை அழித்துவிடக்கூடாது என்பது அதனால்தான். "சாப்பிட்டியா?" என்ற செய்திகூட, வேண்டாம் என்று சொன்ன பிறகு ஐந்தாவது நாளாக வந்தால், சங்கிலியில் ஒரு கண்ணி.

22ஆம் தேதி டிக்டாக் பதிவு வேறு பிரிவுகளுக்குள் போகிறது. 2025 ஜூலை 11 முதல் 507பி தொடங்கி 507ஜி வரை புதிய பிரிவுகள் நடப்புக்கு வந்தன. மிரட்டும், ஏசும், அவமதிக்கும் சொற்களால் ஒருவரை வேண்டுமென்றே துன்புறுத்துவது 507பி, 3 ஆண்டு வரை சிறை. ஒருவரை அடையாளம் காட்டும் விவரங்களை அவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு பரப்புவது 507இ, அதற்கும் 3 ஆண்டு வரை. இவற்றுக்கு இரண்டு தடவை என்ற நிபந்தனை இல்லை. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்தவற்றுக்கு இந்தப் பிரிவுகளில் வழக்குப் போட முடியாது.

இந்தப் பிரிவுகள் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பது நம் சமூகத்துக்கு நன்றாகவே தெரியும். 2024 ஜூலையில் டிக்டாக் வசவுகளுக்குப் பிறகு ஓர் இந்தியப் பெண் உயிரிழந்த வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்குச் சிறு குற்றச் சட்டத்தின் கீழ் விதிக்க முடிந்த அபராதம் 100 ரிங்கிட். அந்தச் சட்டம் அனுமதித்த உச்சமே அதுதான்.

ஆபாசச் செய்திகளுக்கும் மிரட்டல்களுக்கும் 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவும் இருக்கிறது. 2025 பிப்ரவரி 11 முதல் அதற்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் சொல்லுக்கும் சைகைக்கும் தண்டனைச் சட்டத்தின் 509ஆவது பிரிவு பழைய காலத்திலிருந்தே உண்டு. எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்பது அரசுத் தரப்பு வழக்கறிஞரின் வேலை. நடந்ததைத் துல்லியமாகச் சொல்வது மட்டும் உங்கள் வேலை.

முதலில் ஒரு தெளிவான "வேண்டாம்"

507ஏ பிரிவு நீங்கள் எச்சரித்தீர்களா என்று கேட்பதில்லை. ஆனாலும் "தெரிந்திருக்க வேண்டும்" என்ற சொற்களை நிரூபிக்க எளிய வழி ஒரே ஒரு செய்திதான்: "என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம். என் வீட்டுக்கும் கடைக்கும் வர வேண்டாம். எதையும் அனுப்ப வேண்டாம்." ஏசாமல், காரணம் சொல்லாமல், முடிந்தால் மலாயிலும் ஒரு தடவை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மலாயில் அனுப்பினால் விசாரணை அதிகாரி மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் படிப்பார். அதற்குப் பிறகு பதில் எழுதாதீர்கள். பத்து நாள் கழித்து "ஏன்டா இப்படிப் பண்ற" என்று ஒரு பதில் போய்விட்டால், அது பேச்சுவார்த்தை நடந்ததுபோல் தோன்றிவிடும். ஏற்கெனவே அப்படி எழுதிவிட்டீர்களா? அழிக்காதீர்கள். பாதி அழித்த உரையாடலை நீதிமன்றத்தில் வைத்தால் மீதியும் நம்பிக்கை இழக்கும்.

நேரில் பார்த்து மிரட்டியவர், கத்தி காட்டியவர், வீட்டுக்குள் வந்தவர் என்றால் இந்தச் செய்தியும் வேண்டாம், நேராக 999.

செய்திகளைச் சேமிக்கும் முறை

ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் போதும் என்று நினைத்துத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அந்த எண்ணை நீங்கள் "பைத்தியம்" என்றோ "லாரிக்காரன்" என்றோ சேமித்திருந்தால் ஸ்க்ரீன்ஷாட்டில் அந்தப் பெயர்தான் விழும், எண் விழாது. அது யாருடைய செய்தி என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே முதலில் மேலே உள்ள பெயரைத் தொட்டு, எண் தெரியும் பக்கத்தைப் படம் எடுங்கள். பிறகு உரையாடலின் தொடக்கத்துக்குப் போய், நாள் காட்டும் சிறு கட்டம் திரையில் வரும்படி ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். முந்திய படத்தின் கடைசிச் செய்தி அடுத்த படத்தின் மேலே மறுபடி வர வேண்டும், அப்போதுதான் நடுவில் எதுவும் விடப்படவில்லை என்று தெரியும். படத்தை வெட்டாதீர்கள், சிவப்பு வட்டம் போடாதீர்கள். வட்டம் போட வேண்டுமென்றால் அச்சிட்ட தாளில் போடுங்கள்.

அடுத்து உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் அந்த உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளி, More, Export chat என்று போனால் ஒரு கோப்பு கிடைக்கும். சேமித்த பெயர் அந்தக் கோப்பிலும் அப்படியே வரும். அதனால் ஏற்றுமதிக்கு முன் தொடர்புப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்கிவிட்டால் எண்ணே பதிவாகும். Include media என்று கொடுத்தால் படங்களும் குரல் செய்திகளும் சேர்ந்து வரும், ஆனால் பழைய நீண்ட உரையாடல் முழுவதும் வராமல் போகலாம். எனவே Without media என்றும் இன்னொரு பிரதி எடுங்கள்.

இந்தக் கோப்புகளை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வைப்பது சேமிப்பு ஆகாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரத்தின் தகவலும் போய்விடும். உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், கூடவே ஒரு பென்டிரைவிலும் போடுங்கள். ஒரு தடவை மட்டும் திறக்கும் படமாக அவர் எதையாவது அனுப்பினால் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாது. திறப்பதற்கு முன் இன்னொரு கைப்பேசியைத் தயாராக வைத்துக்கொண்டு திரையைப் படம் பிடியுங்கள்.

தானாக மறையும் செய்தி வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் ஏற்றுமதியை அன்றே செய்ய வேண்டும்.

டிக்டாக், ஃபேஸ்புக் பதிவுகளுக்குப் படம் மட்டும் போதாது, இணைப்பும் வேண்டும். கணக்கின் பெயரை யாரும் மாற்றிக்கொள்ளலாம். பதிவின் இணைப்பு, கணக்கின் @ பெயர், நீங்கள் பார்த்த நாள், நேரம் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதிவையுங்கள். நேரலையில் ஏசினால் அது முடிந்ததும் கருத்துகள் கையில் கிடைக்காது. நடந்துகொண்டிருக்கும்போதே திரைப்பதிவைத் தொடங்கி, முதலில் அந்தக் கணக்கின் பக்கத்தைக் காட்டிவிட்டுப் பிறகு நேரலைக்குப் போங்கள்.

எல்லாம் சேமித்த பிறகுதான் தடை செய்வது. அப்போது உரையாடலையும் சேர்த்து அழிக்கவா என்று செயலி கேட்டால், அந்தக் கட்டத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள். கோபத்தில் பலர் சான்றை இழப்பது இந்த ஒரு தொடுதலில்தான். பதிவை நீக்கும்படி டிக்டாக்கிடம் புகார் கொடுப்பதும் அதே வரிசையில், சேமித்த பின்பு.

சம்பவக் குறிப்பேடு

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம், அவர் செய்தது, பார்த்தவர், சான்று எங்கே இருக்கிறது. 14ஆம் தேதிக்கான குறிப்பு இப்படி இருக்கலாம்: "மார்ச் 14, சனி. மாலை 6.05 முதல் 7.10 வரை. கடைக்கு எதிரே, சலவைக் கடை ஐந்தடியில். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். 6.40க்கு அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. கூட வேலை செய்யும் அக்காவும் பார்த்தார். முதலாளியின் கேமராவில் இருக்கிறது. அவர் போகும்வரை கடையை விட்டு வெளியே வரப் பயந்தேன், அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார்."

கடைசி வாக்கியம் முக்கியம். சட்டம் கேட்பது பாதுகாப்பு குறித்த பயத்தை. வழியை மாற்றினீர்களா, இரவு ஷிப்டை விட்டீர்களா, வீட்டில் தூங்காமல் இருந்தீர்களா என்பவை அந்தப் பயத்தின் வெளி அடையாளங்கள். "மனசு கஷ்டமா இருந்துச்சு" என்று பொதுவாக எழுதினால் அந்தக் கனம் வராது. அன்றன்று எழுதுங்கள். ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதிய மூன்று மாதக் குறிப்பு, பின்னால் ஜோடித்ததுபோல் தெரியும்.

கேமராப் பதிவுக்கு ஆயுள் குறைவு. ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறும். சில கடைகளில் ஒரே வாரத்தில் போய்விடும். அன்றே முதலாளியிடம் சொல்லிப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். கேமராவின் கடிகாரம் கைப்பேசியின் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். கேமரா 12 நிமிடம் முந்தியிருந்தால் அதைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் 6.40 அழைப்பும் கேமராக் காட்சியும் பொருந்தாது.

சேலையையும் இனிப்பையும் திருப்பி அனுப்பவோ குப்பையில் போடவோ வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் முதலில் செய்வது அதுதான். பெட்டி, பை, உள்ளே இருந்த துண்டுச்சீட்டு, கடை ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள். கொண்டுவந்த பையனின் பெற்றோரிடம் பேசி, யார் கொடுத்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

போலிஸ் நிலையத்தில்

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், அது சம்பவம் நடந்த மாவட்டத்துக்குப் போய்ச் சேரும். அடையாள அட்டை, கைப்பேசி, அச்சிட்ட படங்கள், குறிப்பேட்டின் பிரதி, கூட ஒருவர். புகார் மலாயில் பதிவாகும். தமிழில் மட்டுமே விளக்க முடியுமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கவுண்டரில் நின்றுகொண்டு யோசிக்காமல், வீட்டிலேயே ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போவது நல்லது: அவர் யார், எப்படித் தெரியும், எப்போது வேண்டாம் என்று சொன்னேன், பிறகு எந்தெந்தத் தேதிகளில் என்னென்ன நடந்தது, எந்த எண்கள், எந்தக் கணக்கு, ஏன் பயப்படுகிறேன்.

புகாரின் கடைசி வரியில் இருக்கிறது பெரிய பொறி. பல புகார்கள் "உந்தோக் ருஜுக்கான் போலிஸ்" என்று முடியும். போலிஸின் குறிப்புக்காக மட்டும் என்று பொருள். அப்படி முடிந்த புகாரை வைத்துக்கொண்டு, ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்பது கடினம். விசாரணையும் நடவடிக்கையும் வேண்டும் என்ற பொருளில் அந்த வரி இருக்க வேண்டும். கையொப்பம் போடுமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தேதிகளும் எண்களும் சரியா என்று பாருங்கள், பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். "இரண்டு தடவைக்கு மேல் நடந்திருக்கிறது, 507ஏ பிரிவின் கீழ் பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்வதில் தவறே இல்லை.

விசாரணை நடக்கும் காலத்தில் அவர் உங்களை நெருங்காதபடி பாதுகாப்பு உத்தரவு ஒன்றையும் நீதிமன்றத்தில் பெற முடியும், அதற்கும் போலிஸ் வழியாகவே போக வேண்டும். விசாரணை அதிகாரியை முதல் முறை சந்திக்கும்போதே கேளுங்கள். தொல்லை தருபவர் முன்னாள் கணவர் என்றால் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. காதலராக மட்டும் இருந்தவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, 507ஏதான் வழி.

விசாரணை அதிகாரி பிறகு உங்களை அழைத்து வாக்குமூலம் பதிவு செய்வார். கைப்பேசியைச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் கூடும், அதனால்தான் மேலே சொன்ன பிரதிகள் முன்பே தயாராக இருக்க வேண்டும். எடுத்துக்கொண்டால் அதற்கான எழுத்துச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மர்ம எண்களும் யார் பெயரில் இருக்கின்றன என்பதைக் கண்டுபிடிப்பது போலிஸின் வேலை. சிம் அவருடைய தாயார் பெயரில் இருந்தால் வழக்கு செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு இணையக் கணக்கு, இணைப்பு விஷயத்தில் பதிவு செய்தவரையே வெளியிட்டவராக முதலில் ஊகிக்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது அப்படிப் பதிவு செய்தவர்.

டிக்டாக் பதிவுக்குப் போலிஸ் புகாரின் எண்ணோடு தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும் புகார் செய்யுங்கள்: aduan.mcmc.gov.my, அல்லது 1800-188-030. பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் தாலியான் காசே 15999 எந்த நேரமும் உண்டு. 997 வங்கி மோசடிக்கான எண், அங்கே கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஊர் வழியாகப் பேசுவது

கோயில் தலைவரோ மண்டோரோ கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாம் என்று சொல்வார்கள். பேசட்டும். ஆனால் யார், எந்தத் தேதியில், அவர் என்ன ஒப்புக்கொண்டார் என்று குறிப்பேட்டில் ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் தொல்லை தொடர்ந்தால் "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது, பேசியவரே சாட்சி. ஆனால் புகாரை மீட்டுக்கொள்ளும்படி எதிலாவது கையொப்பம் கேட்டால் போடாதீர்கள்.

அவருடைய படத்தையும் வீட்டு முகவரியையும் ஃபேஸ்புக்கில் போட்டு "இவனைப் பரப்புங்கள்" என்று எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். 507இ பிரிவு உங்களுக்கும் பொருந்தும். அவர் அதை வைத்து எதிர்ப்புகார் கொடுத்தால் ஒரே நிலையத்தில் இரண்டு புகாரும் பக்கம் பக்கமாக இருக்கும், பிறகு சமாதானமாகப் போங்கள் என்ற பேச்சுதான் வரும். அண்ணன் தம்பிகள் போய் அடித்தாலும் இதே கதி.

புகார் தூங்கினால்

புகாருக்குப் பின் நடக்கும் ஒவ்வொரு புதுச் சம்பவத்தையும் பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு விசாரணை அதிகாரிக்குத் தெரிவியுங்கள், பெரிதென்றால் புதுப் புகாராகவே கொடுங்கள். நான்கு வாரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி நிலைய அதிகாரியிடம் விசாரணையின் நிலையை எழுத்தில் கேட்கலாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், கேட்டதிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் முறையிட வழி இருக்கிறது. கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் எண்ணப்படுவது அந்தத் தேதியிலிருந்து.